ஜோடி மாறுகிறதா, விஷயம் மாறுகிறதா?
"அடிக்கடி மற்ற ஜோடிகளோடு ஒப்பிடுகிற துணைக்கு இந்த உறவில் திருப்தி இல்லை என்றே அர்த்தம்" என்கிறது ஒரு கட்டுரை. அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அளக்க அளவுகோல் இல்லாத விஷயங்களில் மனிதர்கள் தங்களைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் தங்களை எடைபோடுகிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதியிருக்கிறார். கல்யாண வாழ்க்கைக்கு வேறு என்ன அளவுகோல் இருக்கிறது? எத்தனை தடவை ஒப்பிடுகிறார் என்பதை விடுங்கள், எதை ஒப்பிடுகிறார் என்று கவனியுங்கள். தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அக்கா, ராயபுரம் தோழியும் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து சீட்டுக் கணக்குப் பார்ப்பதைச் சொல்வார். அடுத்த வாரம் பெரம்பூர் ஜோடி, அந்தக் கணவர் தன் கடன் எவ்வளவு என்று மனைவியிடம் சொல்லிவிடுவாராம். ஜோடி மாறியது, விஷயம் மாறவில்லை: வீட்டுப் பணம் தனக்குத் தெரிய வேண்டும். மாமா சம்பளம், கடன் தவணை எல்லாவற்றையும் காட்டிய பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. வெறும் ஆர்வம் என்றால் விஷயம் தினம் மாறும், "அவங்க எப்படிச் சமாளிக்கிறாங்க?" என்று கேள்வியாக முடியும், பதில் கிடைத்ததும் வேறு பேச்சுக்குப் போய்விடும். கேட்டதைச் செய்த பிறகும் புதுக் குறை முளைத்து, சண்டையின் நடுவில் மட்டும் அடுத்தவர் பெயர் வந்தால்தான் கட்டுரை சொல்வது பொருந்தும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் "ஒப்பிடாதே என்று கண்டித்துவிடுங்கள்" என்கிறார். தயவுசெய்து வேண்டாம், நேராகக் கேட்கத் தயங்குகிறவருக்கு இருக்கும் ஒரே வழியும் அதனால் அடைபடும்.