அன்றைக்கே எழுதுங்கள்
“மாதக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் போதும்” என்கிறது, வேலையிடத்தில் நடக்கும் தொல்லைகளைக் குறித்துவைப்பது பற்றிய ஒரு கட்டுரை. போதாது, அன்றன்றைக்கே எழுத வேண்டும். பாலக்காடு அருகே கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையில் வேலை செய்பவர் “சூப்பர்வைசர் எப்போதும் கேவலப்படுத்துகிறார்” என்று எழுதினால் எச்ஆர் அதை மனத்தாங்கல் என்று ஒதுக்கிவிடும். “மார்ச் 4, இரண்டாம் ஷிஃப்ட், இரவு 7.40, பேக்கிங் லைன், ‘நீயெல்லாம் எதுக்கு வர்றே’ என்றார், அருகில் இருவர் இருந்தார்கள், மறுநாள் என் ஓவர்டைம் வெட்டப்பட்டது” என்றால் ஷிஃப்ட் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், மறுப்பது கஷ்டம். “பொறாமையில் செய்தார்” என்று ஓர் ஊகம் நுழைந்தாலும் விசாரணை அதைப் பிடித்துக்கொண்டு திசைமாறிவிடும். குறிப்பைக் கம்பெனி கணினியில் வைக்காதீர்கள். வேலை போகிற நாளில் அதுவும் போய்விடும். பெண்ணுக்குப் பாலியல் தொல்லை என்றால் குறிப்பு சேரட்டும் என்று காத்திருக்கவே கூடாது: 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் கம்பெனியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும்.