அந்த ஒரு வயரை மட்டும் எடுத்துவிடுங்கோ

வெசாக் முடிந்த இரண்டாம் மூன்றாம் நாளில் என் மேசைக்கு வருகிற வெசாக் விளக்குக் கூட்டுப் படங்கள் எல்லாவற்றோடும் ஒரே வாசகம் ஒட்டிக்கொண்டு வருகிறது. “தம்பி, படம் நல்லா இருக்கு, குறுக்கே போற அந்த ஒரு வயரை மட்டும் எடுத்துவிடுங்கோ, அஞ்சு நிமிச வேலைதானே.” கொழும்பில் பல ஆண்டுகளாகப் படம் திருத்தும் வேலை செய்கிறேன். வேலைக்கு நான் சலித்ததில்லை. ஆனால் அந்த ‘மட்டும்’ என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொங்குகிறது. அதை இன்று எழுதித் தீர்க்கப் போகிறேன்.

வயரை எடுத்துவிடு என்கிறவர்கள், வயருக்குப் பின்னால் கூடு பத்திரமாக இருக்கிறது, மேலே கிடக்கிற தூசியைத் துடைப்பது போலத் துடைத்தால் அது தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வயர் மறைத்த இடத்தில் படத்தில் எதுவுமே பதிவாகவில்லை. அங்கே இருந்த தாள், மூங்கில் கீற்று, வெளிச்சம் ஆகிய ஒன்றும் அந்தக் கோப்பில் கிடையாது. நான் எதையும் எடுப்பதில்லை. இல்லாத கூட்டின் ஒரு துண்டை, பக்கத்தில் இருக்கிற துண்டுகளைப் பார்த்துப் புதிதாகக் கட்டுகிறேன். கூடு கட்டியவருக்கு அதற்கு எத்தனை இரவுகள் தேவைப்பட்டன என்று வியந்து பேசுகிற அதே வாய்தான், அதில் ஒரு பகுதியை நான் மறுபடி கட்டுவதற்கு ஐந்து நிமிடம் என்கிறது.

2024 மே 23 இரவு எடுத்த ஒரு படத்தைச் சொல்கிறேன். சிங்களத்தில் ‘அட்டபட்டம’ என்கிற எட்டுப்பட்டைக் கூடு. சிவப்பும் வெள்ளையுமான மெல்லிய தாள். பட்டைகளின் ஓரத்தில் கையால் வெட்டிய பூவேலை. கீழே நீளமான தாள் வால்கள். மாடி முகப்பிலிருந்து தன் கயிற்றில் தொங்குகிறது. அதற்கும் கமராவுக்கும் நடுவே, மின்கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகிற கறுப்பு வயர் ஒன்று இடது மேல் மூலையில் நுழைந்து, வானத்தைக் கடந்து, கூட்டின் முகத்தைச் சாய்வாக வெட்டி, மூன்று வால்களின் மேல் ஏறி, வலது பக்கம் வெளியேறுகிறது. படம் 6000 பிக்சல் அகலம், வயர் ஏறத்தாழ 14 பிக்சல் தடிப்பு. கடையொன்றின் மூன்றடிப் பலகைக்கு வேண்டும் என்றார் கொண்டுவந்தவர். அரை நாள் வேண்டும் என்று சொன்னேன். முகம் சுளித்துக்கொண்டு படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து அச்சடித்த பலகையோடு வந்தார். வேறு எங்கேயோ Photoshop மென்பொருளின் Spot Healing Brush கருவியை வயரின் மேல் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டிருக்கிறார்கள். கைபேசித் திரையில் வயர் போய்விட்டது போலத்தான் தெரியும். மூன்றடியில் பார்த்தால், கூட்டின் விளிம்பில் சிவப்பு இரவு வானத்துக்குள் கசிந்திருக்கிறது. வானத்தின் கறுப்பு தாளுக்குள் ஏறிக் கன்றிப்போன தோல் மாதிரிக் கிடக்கிறது. ஒரு மூங்கில் கீற்று நடுவழியில் நின்றுவிட்டது. பூவேலை கரைந்து சகதியாகிவிட்டது. வயர் இருந்தபோது அது வயர் தெரிகிற நல்ல கூடாக இருந்தது. இப்போது கிழிந்த கூடாகத் தெரிகிறது. அதைக் கட்டிய மனிதர் அந்தக் கடை வழியாகப் போனால் என்ன நினைப்பார் என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு எரிந்தது.

இந்தக் கசிவு ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அந்தக் கருவியைத் தொடவே கூடாது. Healing வகைக் கருவிகள் இழைநயத்தை ஓரிடத்திலிருந்து எடுத்துக்கொண்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் நாம் தீட்டுகிற இடத்தின் சுற்றுப்புறத்தோடு கலந்துவிடுகின்றன. சுற்றுப்புறம் ஒரே தன்மையாக இருந்தால் அது அற்புதமாக வேலை செய்யும். ஒரு பக்கம் எரிகிற தாளும் மறுபக்கம் கறுத்த வானமும் இருந்தால், இரண்டையும் கலந்து நடுவே அழுக்கு நிறத்தைத்தான் தரும். ஆகவே விளிம்பை அது தொடவிடக் கூடாது. தாளின் எல்லையைப் பிசகில்லாமல் ஒட்டி ஒரு தெரிவு போட்டுக்கொண்டு, அதற்குள்ளே மட்டும் தீட்ட வேண்டும். அப்போது வெளி நிறம் உள்ளே வராது. விளிம்புக் கோட்டையே கட்டுவதற்கு, எதையும் கலக்காமல் அப்படியே பிரதி எடுக்கிற Clone Stamp வேண்டும். இவை இரகசியங்கள் அல்ல. ஒரே இழுப்பில் முடித்துக் காசு வாங்குகிறவர்களுக்கு அவற்றைப் படிக்க மனமில்லை, அவ்வளவுதான்.

மூலப் படத்தை எடுத்து நான் மறுபடி தொடங்கினேன். முதலில் வெறுமையான புதிய லேயர் ஒன்றைப் போட்டு, Sample என்ற இடத்தில் Current & Below என்று வைத்துக்கொண்டேன்; மூலப் படத்தின் ஒரு பிக்சல்கூடக் கெடக் கூடாது. வயர் கமராவுக்கு அருகில் இருந்ததால் அது முழுக் கூர்மையாக இல்லை. கறுப்பாகத் தெரிகிற 14 பிக்சலுக்கு வெளியே, இரண்டு பக்கமும் ஆறேழு பிக்சல் அகலத்துக்கு மெல்லிய கருமை படிந்திருந்தது. கண்ணுக்குத் தெரிகிற வயரை மட்டும் நீக்கினால் இந்தக் கருமை அப்படியே தங்கி, வயர் போன வழியில் இரண்டு இணைகோடுகளாகப் பல்லிளிக்கும்.

வானம் எளிது என்பார்கள். நீளத்தில் பெரும்பகுதி வானம்தான், அரை மணிக்குள் முடிந்தது என்பதும் உண்மை. ஆனால் கூட்டின் அருகே வானம் வெறும் கறுப்பல்ல. விளக்கின் ஒளி வட்டமாகப் பரவித் தேய்கிறது. ஆகையால் பிரதிக்கான மூலத்தை, விளக்கிலிருந்து அதே தூரத்தில், வட்டத்தின் வழியே பக்கவாட்டில் நகர்ந்து எடுக்க வேண்டும். விளக்கை நோக்கி நகர்ந்து எடுத்தால் வெளுப்பாகவும் விலகி எடுத்தால் இருட்டாகவும் ஒரு பட்டை விழும். இன்னொன்றும் இருக்கிறது. இரவுப் படத்தில் வானமெங்கும் மணல் தூவினாற்போல நொய்ஸ் இருக்கும். மிகவும் மென்மையான ஓரமுள்ள பிரஷால் பிரதி எடுத்தால், ஓரத்தில் இரண்டு மணற்பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று கலந்து சமனாகி, அந்த இடம் மட்டும் வழுவழுப்பாகிவிடும். அதனால் ஓரக் கடினத்தை 70 சதவீதத்துக்குக் கீழே நான் இறக்குவதில்லை. வேலை முடிந்ததும் மேலே தற்காலிகமாக ஒரு Curves லேயர் போட்டு இருண்ட பகுதிகளைக் கண்மூடித்தனமாக வெளுக்க வைத்துப் பார்ப்பேன். வயரின் பேய் எங்கே நிற்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பலகையை அச்சடித்தவர்கள் இதை ஒரு நிமிடம் செய்து பார்த்திருந்தாலும் போதும்.

கூட்டின் முகத்துக்கு வந்தபோதுதான் நேரம் போனது. உள்ளே பல்பு இருப்பதால் தாள் நடுவில் வெள்ளையாக எரிந்து, ஓரத்துக்குப் போகப் போகச் செம்மை கூடுகிறது. வெட்டுப்பட்ட பூவேலைக்கு அடுத்த பட்டையிலேயே சோடி இருந்தது. அதைத் தனி லேயராகப் பிரதி எடுத்து, Distort கொண்டு இந்தப் பட்டையின் கோணத்துக்கு வளைத்துப் பொருத்தினேன். அது பல்புக்கு வேறு கோணத்தில் நிற்கிற பட்டை என்பதால் வெளிச்சம் பொருந்தவில்லை. துண்டின் ஒரு முனையை ஏற்றி மறுமுனையை இறக்கி ஒப்பேற்ற வேண்டியிருந்தது. மூங்கில் கீற்றுக்கு, தெரிகிற இரண்டு முனைகளுக்கும் இடையே நேர்கோடு ஒன்றைப் போட்டுக்கொண்டு, மேலே இருந்த கீற்றிலிருந்தே ஒரு துண்டை வைத்தேன். கோடு இரண்டு பிக்சல் விலகினாலும் கண் உடனே பிடித்துவிடும். தாளில் உள்ள கறையை மன்னிக்கிற கண், முறிந்த நேர்கோட்டை மன்னிப்பதில்லை. வால்கள் காற்றில் ஆடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் கலங்கியிருந்தன. மூன்றையும் தனித்தனியே முடித்தேன். மொத்தம் மூன்றரை மணி நேரம் ஆனது. அதில் மூன்று மணி நேரம், உள்ளங்கை அகலத்துக்குத் தெரிகிற அந்த ஒரு கூட்டில் போனது.

முடித்துக் கொடுத்ததும் அவர் கேட்டது என்ன தெரியுமா? “மேலே இருக்கிற கயிற்றையும் எடுத்துவிடுங்கோ.” கூடு தொங்குகிற அதன் சொந்தக் கயிற்றை! முடியாது என்று சொல்லிவிட்டேன். குறுக்கே போகிற வயர் வேறு, தாங்குகிற கயிறு வேறு. அந்தக் கயிற்றை நீக்கினால் கூடு அந்தரத்தில் மிதக்கும். வால்கள் கீழ்நோக்கி இழுபட, மேலே பிடிமானமே இல்லாமல், வெட்டி ஒட்டிய படம் போலாகிவிடும். கூடு என்றால் தொங்குவது. கயிறு கண்ணை உறுத்தினால் அதன் வெளிச்சத்தைச் சற்றுத் தணித்துத் தருகிறேன், அதற்கு மேல் என் கை போகாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆற்றாமை தருவது, இந்த மூன்று மணி நேரத்தையும் படம் எடுத்தவர் ஐந்து வினாடியில் மிச்சப்படுத்தியிருக்கலாம் என்பதுதான். வயர் கிட்டே இருக்கிறது, கூடு தள்ளி இருக்கிறது. ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்து அதே அமைப்புகளோடு இன்னொரு படம் எடுத்தால், வயர் கூட்டின் வேறோர் இடத்தை வெட்டும். முதல் படத்தில் மறைந்த பூவேலை இரண்டாவதில் உண்மையாகவே பதிவாகியிருக்கும். அந்தத் துண்டை எடுத்து Edit > Auto-Align Layers கொண்டு பொருத்தி, மாஸ்க் போட்டு வெளிப்படுத்தினால் போதும். கற்பனை எதுவும் தேவையில்லை. காற்றில் கூடு திரும்பிவிடும் என்பதால் உடனுக்குடன் எடுக்க வேண்டும். பின்னால் உள்ள வானமும் வீடுகளும் வேறு அளவில் நகர்ந்திருக்கும் என்பதால் கூட்டை மட்டும் தனியே பொருத்த வேண்டும். அவ்வளவுதான் சிரமம். இதை நான் சொல்லாத ஆள் இல்லை. கேட்டுத் தலையாட்டுகிறார்கள், அடுத்த வெசாக்குக்கும் ஒற்றைப் படத்தோடு வந்து நிற்கிறார்கள்.

2025 மே மாதத்தில் ஒரே ஒரு பெண், பேர வாவிக் கரையில் எடுத்த கூட்டுப் படத்தோடு, ஒரு காலடி தள்ளி எடுத்த இரண்டாவது படத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தார். அதே மாதிரிச் சாய்வான வயர், அதே மாதிரி வெட்டுப்பட்ட பட்டை. அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. பட்டையில் தெரிந்த பூவேலை, கட்டியவர் வெட்டிய அதே பூவேலை.