12-க்கு 6 என்றால் வெற்றியா?

“சுங்கை சிப்புட்டில் முறுக்கு விளம்பரத்துக்குப் பேஸ்புக்கில் இரண்டு படம் போட்டோம். படத்துக்கு 300 கிளிக். ஒன்றில் 12 ஆர்டர், மற்றதில் 6. இரண்டு மடங்கு! மூன்றாம் நாளே தோற்றதை நிறுத்திவிடலாம்.”

தவறு. இரண்டு படமும் சமமானவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 18 ஆர்டரும் நாணயம் சுண்டியதுபோல் பிரிந்தால், 12–6 அல்லது அதைவிடப் பெரிய இடைவெளி ஏதாவதொரு பக்கம் விழ ஏறக்குறைய 24% வாய்ப்பு உண்டு. நான்கில் ஒன்று!

கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. மொத்த ஆர்டரின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். 18-க்கு அது சுமார் 8.5, வித்தியாசம் இதைத் தாண்ட வேண்டும். இங்கே 6தான். 14–4 வந்திருந்தால் நம்பலாம். ஆனால் இரு படத்துக்கும் கிளிக் சமமாக இருந்தால்தான் இது செல்லும். ஒரே விளம்பரத் தொகுப்பில் போட்டால் பேஸ்புக் ஒன்றையே அதிகம் காட்டும். ஏ/பி டெஸ்ட் வசதியில் பிரித்துப் போடுங்கள்.

நிறுத்தும் நாளை முன்பே எழுதி வையுங்கள். தினமும் எட்டிப் பார்த்து, தற்செயலாக விழ 5% வாய்ப்பே உள்ள இடைவெளியைத் தொட்டதும் நிறுத்தினால், பத்துப் பார்வையில் பொய் வெற்றி 19% வரை ஏறும். 300-க்கு 6, 12 என்பது 2%, 4%. இந்த வித்தியாசத்தைப் பிடிக்கவே படத்துக்குச் சுமார் 1,140 கிளிக் வேண்டும். சம்பள வாரமும் உள்ளே வரட்டும். தோட்டத்து மக்கள் வாங்கும் வேகம் அப்போது வேறு.

அவ்வளவு கிளிக் கிடைக்காத ஊரா? பிடித்த படத்தை ஓட்டுங்கள், ‘நிரூபணம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். விலையோ தொலைபேசி எண்ணோ தவறாக அச்சாகியிருந்தால் உடனே நிறுத்தலாம்.