ஏற்காட்டு அப்பாவின் 14 வினாடி

ஏற்காட்டில் வீட்டு வாசலில் அப்பாவை நடக்கவிட்டு அளந்த ஒருத்தர் போட்ட பதிவு: "10 மீட்டர் நடக்க அப்பாவுக்கு 14 வினாடி. வேகம் நொடிக்கு 0.8 மீட்டருக்குக் கீழே போனாலே மூளை பாதிப்புதான்."

பாதி சரிங்க. 10-ஐ 14-ஆல் வகுத்தால் நொடிக்கு 0.71 மீட்டர், மெதுவான நடைதான். ஆனா ஏற்காட்டு வீட்டு வாசல் சரிவு. நின்ற இடத்திலிருந்தே கடிகாரத்தையும் ஓட்டியிருக்கீங்க. சமதரையில் முன்னும் பின்னும் 2 மீட்டர் விட்டு, வழக்கமான வேகத்தில் நடக்கவிட்டு, நடு 10 மீட்டரை மட்டும் அளக்கணும். சேலத்தில் எங்க அத்தைக்கு (72) முதலில் 13 வினாடி. இப்படி அளந்தப்போ 11, அதாவது 0.91. முதியோர் தசை இழப்புக்கான ஆசிய வரையறையில் 1.0-க்குக் கீழே என்பதால் அதுவும் மெதுவே. காரணம் மூட்டுவலி. முழங்கால், இதயம், தசை, பார்வை என எதனாலும் வேகம் குறையும். எதுன்னு இந்த எண் சொல்லாது.