இறக்கிய ஃபைலை எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்

கிளைகளில் பில் போடும் அத்தனை பேருக்கும் இது. தலைப்பைப் படித்ததும் "நான் ஒன்றும் பண்ணவில்லையே, சும்மா திறந்து பார்த்தேன்" என்று சொல்லப் போகிறவர்கள்தான் முதலில் கடைசி வரை படிக்க வேண்டும். ஃபைலை எக்செல்லில் திறந்து சேமித்ததால்தான் போடி கிளையின் ஜூன் மாத விற்பனை ஒரே ஒரு நாள் விற்பனையாகிப் போனது. ஏலக்காய் விற்கிற கிளை ஒரு மாதத்தில் ஒரு நாள்தான் கடை திறந்ததா என்று முதலாளி என்னைத்தான் கேட்கிறார், உங்களை இல்லை.

என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை, அதுதான் எரிச்சலே. பில் மென்பொருளிலிருந்து இறக்கினால் தேதி 05/06/2025 என்று வரும், ஜூன் 5. தேதியை வருஷம்-மாதம்-நாள் என்று வையுங்கள் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். போடி அண்ணன் சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷன், ஃபைலைத் திறந்தார், தேதி இருக்கும் நெடுவரிசையை, அதாவது தேதி காலத்தை, மொத்தமாகத் தேர்ந்தெடுத்தார், `yyyy-mm-dd` என்று வடிவத்தை மாற்றினார், சேமித்தார், பொதுக் கோப்புறையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அவருக்குப் புதிதாகக் கொடுத்த லேப்டாப் அமெரிக்க அமைப்பில் இருந்தது. அமெரிக்காக்காரன் மாதத்தை முதலில் எழுதுவான். ஆகவே அந்த எக்செல் 05/06/2025 என்பதை மே 6 என்று படித்துவிட்டது, திறந்த அந்த நொடியிலேயே, ஒரு வார்த்தை கேட்காமல். வடிவத்தை மாற்றியதும் அது `2025-05-06` என்று உட்கார்ந்துகொண்டது. 01/06 ஜனவரி 6 ஆனது, 12/06 டிசம்பர் 6 ஆனது. 13/06/2025 வரும்போது பதின்மூன்றாவது மாதம் ஏது, அதனால் எக்செல் அதைத் தேதி என்றே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. எழுத்துக்கு வடிவம் மாறாது. 13 முதல் 30 வரை அந்த 18 நாளும் பழையபடி சாய்கோட்டோடு நின்றன, இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் அவற்றைப் படிக்கத் தெரியாமல் தேதி காலி என்று ஒதுக்கிவிட்டது. மீதி 12 நாள் வருஷத்தின் 12 மாதங்களுக்கும் ஆளுக்கொன்றாகப் பிரிந்து போனது. ஜூன் கணக்கில் மிஞ்சியது ஜூன் 6 மட்டும், அதுவும் திருப்பிப் போட்டாலும் 06/06 தான் என்பதால் பிழைத்தது!

ஜூலை முதல் வாரத்தில் எடுத்த அறிக்கையில் டிசம்பர் 6 அன்று விற்பனை இருந்தால் யாருக்காவது உறைக்க வேண்டாமா? எல்லா மாதமும் சரியாக 6ஆம் தேதி மட்டும் பணம் வருகிறது, அது என்ன சம்பள நாளா?

இது ஒரு மாத ஃபைல், அதனால் பிடித்தோம். இதே வேலையை ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான காலாண்டு ஃபைலில் பண்ணியிருந்தால் ஜூன் 4 ஏப்ரல் 6 ஆகும், ஏப்ரல் 6 ஜூன் 4 ஆகும், இரண்டும் காலாண்டுக்குள்ளேயே இருக்கும், அந்த இரண்டு நாளின் மொத்தமும் மாறாது. அப்படிப்பட்ட வரிகளின் தேதியை மட்டும் பார்த்து அது திரும்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. பில் மென்பொருளிலிருந்து திரும்ப இறக்குவதுதான் நிச்சயமான வழி.

அதனால் தேதியை நீங்கள் மாற்றவே வேண்டாம், நான் முன்பு சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், `2025-06-05` தான் வேண்டும், ஆனால் அது மென்பொருளிலிருந்தே அப்படி இறங்க வேண்டும். ஏற்றுமதித் திரையில் தேதி வடிவம் என்று ஒரு பெட்டி இருக்கிறது, ஒரு தடவை மாற்றினால் போதும், அது நினைவில் வைத்துக்கொள்ளும். இறக்கிய ஃபைலைத் திறக்காமல் அப்படியே கோப்புறைக்குள் இழுத்துப் போடுங்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் நோட்பேடில் பாருங்கள். இல்லை, எக்செல்லில்தான் எனக்குப் பார்க்கத் தெரியும் என்றால் காலி எக்செல் ஒன்றைத் திறந்து, `Data` பட்டியலில் `From Text/CSV` வழியாகப் போய், `Transform Data` அழுத்தி, தேதி காலத்தையும் குறியீட்டுக் காலங்களையும் `Text` என்று மாற்றி, கேட்கும்போது `Replace current` அழுத்திவிட்டுப் பாருங்கள், பார்த்ததும் சேமிக்காமல் மூடுங்கள். சந்தேகமாக இருந்தால் தேதி காலத்தை உற்றுப் பாருங்கள்: எக்செல் தேதி என்று எடுத்துக்கொண்டது கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து என்று விட்டது இடது ஓரத்தில் நிற்கும். ஒரே காலத்தில் பன்னிரண்டாம் தேதி வரை வலதுபக்கம், அதற்கு மேல் இடதுபக்கம் என்று நின்றால் வேலை கெட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம், லேப்டாப்பின் கீழ் மூலையில் கடிகாரத்துக்கு அடியில் மாதம் முதலில் வருகிறதா என்று இப்போதே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சரி, தேதியை விடுங்கள். பூஜ்யத்துக்கு வருகிறேன்.

நாம் விற்பது மசாலாச் சாமான். மிளகுக்கு எச்.எஸ்.என் 0904, ஏலக்காய்க்கு 0908, சீரகம் மல்லிக்கு 0909, மஞ்சள் இஞ்சிக்கு 0910. நம் சரக்கில் முக்கால்வாசி பூஜ்யத்தில்தான் ஆரம்பிக்கிறது. எக்செல்லுக்கு அது எண், எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் எதற்கு என்று அதுவே தூக்கிப் போட்டுவிடும், 0910 என்பது 910 ஆகிவிடும். ஈரோட்டு மஞ்சள் பாதி 0910 என்றும் பாதி 910 என்றும் இரண்டு சரக்காக அறிக்கையில் வந்ததற்கு இதுதான் காரணம், அதை ஆடிட்டர் கண்டுபிடித்து எனக்குப் போன் போட்டார். இதற்கு நடுவில் ஒருவர் நல்ல எண்ணத்தோடு எல்லா 910க்கும் முன்னால் கையாலேயே பூஜ்யம் சேர்த்து, அது போய்விடாமலிருக்க ஒற்றை மேற்கோள் குறி போட்டு, அந்தக் குறி சில வரிகளில் ஃபைலுக்குள்ளேயே தங்கிவிட்டதால் மூன்றாவதாக ஒரு சரக்கும் பிறந்தது. தயவுசெய்து கையால் திருத்தாதீர்கள்.

டீலர் குறியீட்டிலும் இதே கதைதான். 00417 என்று இருந்ததை D00417 என்று மாற்றியபோது எத்தனை பேர் முணுமுணுத்தீர்கள், டீலர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டுமே என்று. ஒரு எழுத்து முன்னால் நின்றால் எக்செல் அதை எண் என்று நினைக்காது, அவ்வளவுதான் விஷயம். இது நமக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு இருக்கிறதே, அவர்களே எக்செல் `SEPT1` என்பதை செப்டம்பர் 1 ஆக்குகிறது, `MARCH1` என்பதை மார்ச் 1 ஆக்குகிறது என்று பட்டுப் பட்டு, கடைசியில் மரபணுக்களின் பெயரையே `SEPTIN1`, `MARCHF1` என்று மாற்றிக்கொண்டார்கள், 2020இல் அந்த விதிமுறையையும் வெளியிட்டார்கள். விஞ்ஞானிகளே மென்பொருளோடு மல்லுக்கட்ட முடியாமல் பெயரை மாற்றியிருக்கிறார்கள், நாம் ஒரு D போடுவதற்கா இத்தனை அழுகை?

காலங்களின் தலைப்பு இப்படித்தான் இருக்க வேண்டும், இதே வரிசையில், இதே சின்ன எழுத்தில்:

```
bill_date,bill_no,dealer_code,hsn,qty_kg,amt_taxable,amt_total
2025-06-05,ERD-1182,D00417,0910,50,7500.00,7875.00
```

இதில் `amt_taxable` வரிக்கு முந்தைய தொகை, `amt_total` வரி சேர்த்து. முன்பு வெறும் "Amount" என்று இருந்தபோது மதுரை வரியோடு அனுப்பியது, ஈரோடு வரியில்லாமல் அனுப்பியது, இரண்டையும் கூட்டி வைத்துக்கொண்டு ஈரோட்டில் விற்பனை மந்தம் என்று ஒரு கூட்டமே போட்டோம். அந்தக் கூட்டத்தில் ஈரோட்டுக்காரர்கள் வாங்கிய திட்டுக்கு யார் பதில் சொல்வது? பெயரை மாற்றாதீர்கள், நடுவில் "குறிப்பு" என்று காலம் சேர்க்காதீர்கள், தலைப்புக்குப் பின்னால் இடைவெளி விடாதீர்கள். `qty_kg ` என்று கடைசியில் ஒரு இடைவெளி இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஸ்கிரிப்டுக்கு அது வேறு காலம். தொகையில் 1,25,000 என்று காற்புள்ளி வேண்டாம், 125000.00 போதும். எடை தெரியவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள், 0 போடாதீர்கள், கோடு கிழிக்காதீர்கள். 0 போட்டால் சரக்கே கொடுக்காமல் பில் போட்டது என்று ஆகிவிடும்.

கடைசி வரியில் மொத்தம் போடுகிற மதுரைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஸ்கிரிப்ட் எல்லா வரியையும் கூட்டும், உங்கள் மொத்தத்தையும் சேர்த்துத்தான் கூட்டும், கிளை விற்பனை சரியாக இரண்டு மடங்காகும். இரண்டு மடங்கைப் பார்த்து யாரும் திட்ட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்!

ஃபைல் பெயர். கோப்புறையில் இப்போது கிடப்பது: `June sales final.csv`, `sales new MDU.csv`, `FINAL final june(1).csv`. இதில் எது கடைசி? அந்த அடைப்புக்குறி 1 என்பது உலாவி இரண்டாவது தடவை இறக்கும்போது தானாக ஒட்டுவது, அதற்கும் திருத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. இனிமேல் இது மட்டும்:

```
sales_mdu_2025-06_v01.csv
sales_bdi_2025-06_v02.csv
```

விற்பனை, கிளை, மாதம், எத்தனையாவது தடவை. மாதத்தை வருஷத்துக்குப் பின்னால் எண்ணில் எழுதினால் கோப்புறையில் தானாகவே கால வரிசையில் நிற்கும், "April" என்று எழுதினால் ஏப்ரலுக்கு அப்புறம் ஆகஸ்ட் வந்து நிற்கும். திருத்தி அனுப்பினால் பழையதை அழிக்காமல் v02 என்று போடுங்கள், ஸ்கிரிப்ட் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். திருத்தம் என்றால் மாதம் முழுக்கத் திரும்ப இறக்கியது, மாறிய நாலு வரி மட்டும் இல்லை. நாலு வரியை v02 என்று போட்டால் அந்த மாதத்துக்கு உங்கள் விற்பனை நாலு வரிதான்.

இனி ஸ்கிரிப்ட் பொறுத்துப் போகாது. தேதி வடிவம் ஒரு வரியில் தப்பாக இருந்தாலும், பில் தேதி ஃபைல் பெயரில் உள்ள மாதத்துக்கு வெளியே போனாலும், எச்.எஸ்.என் நாலு இலக்கத்துக்குக் குறைந்தாலும் ஃபைலை அப்படியே `reject` கோப்புறைக்குத் தள்ளிவிட்டு, எந்த வரியில் என்ன கோளாறு என்று பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு `.txt` வைக்கும். காலையில் உங்கள் கிளை எண்ணிக்கை வரவில்லை என்றால் எனக்குப் போன் போடுவதற்கு முன்னால் அங்கே போய்ப் பாருங்கள். அந்த `.txt`-ஐ எக்செல்லில் திறக்காதீர்கள்.