புல்தரையில எடுத்த யூனிஃபார்ம் போட்டோவுல கலர் ஏன் மாறிப்போகுது

ஸ்கூல் யூனிஃபார்ம் கேட்லாக் எதைப் பாத்தாலும் எனக்கு முதல்ல கண்ணு போறது வெள்ளைச் சட்டையில தாடைக்குக் கீழ இருக்கிற இடத்துக்குத்தான். அங்க லேசா பச்சை அடிச்சிருந்தா, அந்தப் படத்துல இருக்கிற மெரூன் பாவாடையையும் நான் நம்ப மாட்டேன். இப்ப எல்லாரும் ஸ்டுடியோவ விட்டு வெளிய வந்து பிள்ளைங்கள பார்க்குல விளையாட விட்டு எடுக்கறாங்க, நல்ல விஷயம், ஆனா புல்லு மேல நிக்க வெச்சா வெயில் புல்லுல பட்டு பச்சையா மேல எழும்பி சட்டையோட அடிப்பக்கம், கை உள்பக்கம், தாடை எல்லாத்துலயும் ஒட்டிக்குது.

இதை அப்புறமா, வெள்ளை வெள்ளையாவே தெரியற மாதிரி கலரை மாத்தற ஒயிட் பேலன்ஸ்ல சரி பண்ணிக்கலாம்னு நினைக்கறாங்க, பண்ண முடியாது. ஒயிட் பேலன்ஸ் படம் முழுசுக்கும் ஒரே மாதிரி மாறும். தோள்பட்டையில விழுறது வானத்து வெளிச்சம், வயித்துப் பக்கம் விழுறது புல்லோட வெளிச்சம். கீழ இருக்கிற பச்சைய எடுத்தா மேல ரோஸ் ஏறிடும். அதனால பிள்ளைய சிமெண்ட் தரையில நிக்க வெச்சு, புல்லு பின்னாடி தூரத்துல தெரியற மாதிரி வைங்க. நேர் வெயிலும் வேணாம், கட்டட நிழல்ல வானத்தைப் பாத்து நின்னா போதும். நிழல்ல படம் நீலமா வருமேன்னு கேப்பீங்க, வரும், ஆனா அந்த நீலம் எல்லா பக்கமும் ஒரே சீரா இருக்கிறதால கிரே கார்டுங்கற சாம்பல் கலர் அட்டைய வெச்சு ஒயிட் பேலன்ஸ் பண்ணி நீக்கிடலாம். பிள்ளையோட நெஞ்சுக்கு முன்னாடி கார்டைப் பிடிச்சு ஒரு ஷாட், அதுலயே எக்ஸ்போஷரும் பாத்து மேனுவல்ல லாக் பண்ணிடுங்க. ஆட்டோவுல விட்டா நேவி ப்ளூ பேண்ட் ஃபிரேம்ல நிறைய இருக்கிற படத்துல கேமரா இருட்டுன்னு நினைச்சு வெளிச்சத்தை ஏத்தி, நேவிய வெளுத்துப்போன நீலமா காட்டிடும். மேகம் வந்து போனா கார்டை மறுபடி பிடிக்கணும்.

கார்டு இல்லையேன்னு சட்டையோட வெள்ளைய கிளிக் பண்ணி பேலன்ஸ் வைக்கறவங்க இருக்காங்க, அது பெரிய தப்பு. நிறைய வெள்ளைத் துணியில பளிச்னு தெரியறதுக்காக ப்ரைட்னர் போட்டிருப்பாங்க, அது வெயில்ல இருக்கிற அல்ட்ராவயலட்டை வாங்கி நீலமா திருப்பி விடும். அந்த நீலத்தை வெள்ளைன்னு கேமராகிட்ட சொன்னா பிள்ளை முகத்துல இருந்து பாவாடை வரைக்கும் எல்லாம் மஞ்சளாயிடும்.

வெளிச்சத்தை இப்படி முன்னாடியே முடிச்சிட்டாதான் பிள்ளைய அதுபாட்டுக்கு விளையாட விட முடியும். "இங்க பாரு, சிரி"ன்னு சொன்னாலே தோள் ரெண்டும் தூக்கிக்கும், காலர் கோணலாயிடும். சிரிக்கச் சொல்லாம ஒரு வேலை குடுங்க, தரையில சாக்பீஸ்ல போட்ட கோட்டைத் தாண்டிக் குதி, பந்தைத் தூக்கி ஃப்ரெண்ட்கிட்ட போடுன்னு. குதிச்சு இறங்கி நிமிர்ற அந்த நொடியில பாவாடை மடிப்பு தானா விரிஞ்சு விழும், துணி எப்படின்னு அப்பதான் தெரியும். ஷட்டர் 1/500-க்குக் குறையாம இருக்கட்டும், கேமரா பிள்ளையோட நெஞ்சு உயரத்துல இருக்கட்டும். பாவாடை போட்ட பிள்ளை குதிக்கும்போது கீழ படுத்துக்கிட்டு மேல பாத்து எடுக்கவே கூடாது, உள்ள ஷார்ட்ஸ் போட்டிருந்தாலும் சரி.

இன்னொன்னு, கழுத்துல ஐடி கார்டு கயிறோட பிள்ளை சறுக்குமரத்துல இறங்கற படம் நிறைய வருது. அந்தக் கயிறு மேல எதுலயாவது மாட்டினா கழுத்து இறுகும், உயிருக்கே ஆபத்து. ஹூட் கயிறு, கட்டுற டை எல்லாம் அதே கதைதான். விளையாட்டு ஷாட்டுக்கு முன்னாடி அதையெல்லாம் கழட்டிடுங்க, டை காட்டணும்னா நடந்து வர ஷாட்ல காட்டுங்க. பேட்ஜ்ல உண்மையான ஸ்கூல் பேர், பிள்ளை பேர் எதுவும் வேணாம். அப்பாவோ அம்மாவோ பிள்ளை கண்ணுக்குத் தெரியற இடத்துல உக்காந்திருக்கணும், பிள்ளை போதும்னா அதோட நிறுத்திடணும்.

இவ்வளவும் பண்ணிட்டு கடைசியில எடிட்டிங்ல கெடுக்கறாங்க. பிள்ளையோட நிறத்தை வெளுப்பாக்கறதுக்காக ஆரஞ்சு, சிவப்பு டோனோட வெளிச்சத்தை ஏத்துவாங்க, மெரூன்லயும் அதே சிவப்புதான் இருக்கு, அதுவும் சேந்து வெளுத்துடும். எனக்கு இதுல ரெண்டு கோவம், பிள்ளைக்கு அதோட சொந்த நிறம் போகுது, வாங்கறவங்களுக்குத் தப்பான கலர் துணி வீட்டுக்கு வருது. யூனிஃபார்ம்ல ஒரு ஷேடு மாறினாலும் அசெம்பிளியில அந்தப் பிள்ளை மட்டும் தனியாத் தெரியும். நிறத்துல கை வைக்காதீங்க. பெரும்பாலான ஸ்கிரீனுக்குப் பொதுவான sRGB கலர் முறையில சேவ் பண்ணி, ஜன்னல் பக்கத்துல அசல் துணிய மானிட்டரோட பக்கத்துல வெச்சுப் பாருங்க, அப்புறம் அதே படத்தை ரெண்டு மூணு போன்லயும் திறந்து பாருங்க. எல்லாத்துலயும் மெரூன் ஒரே பக்கமா பிரவுனுக்கோ ரோஸுக்கோ சாயுதுன்னா படம்தான் தப்பு, போன் இல்ல.