பாலுக்கு வெள்ளை எங்கிருந்து வந்தது?

மேகம் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால், "எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்புகிறது, அதனால்தான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது விடையே இல்லை, கேள்வியை வேறு சொற்களில் சொன்னதுதான். மேகத்தில் இருப்பது தண்ணீர். தண்ணீருக்கு வெள்ளை ஏது? புதுச்சேரி கடற்கரைச் சாலையோரம் கொட்டியிருக்கும் பாறைகளில் அலை மோதும் இடத்தைப் பாருங்கள். உள்ளங்கையில் அள்ளினால் நிறமே தெரியாத நீர், பாறையில் மோதி நுரைத்ததும் பஞ்சுபோல் வெளுக்கிறது. அந்த ஒரு நொடியில் நீரோடு எந்தச் சாயமும் சேரவில்லை. காற்று குமிழ்களாக உள்ளே புகுந்தது, அவ்வளவுதான்.

அதே கடலில் இன்னொன்றையும் கவனிக்கலாம். நீரில் ஒல்லியான மூங்கில் கழி ஒன்று நட்டிருந்தால், நீண்ட பெரிய அலை அதைப் பொருட்படுத்தாமல் கடந்து போகும். கழியைச் சுற்றிச் சிதறுவது சின்னச் சின்னச் சிற்றலைகள்தான். பாறைக்கு அந்தப் பாகுபாடு கிடையாது, பெரிய அலையையும் சிற்றலையையும் ஒன்றுபோல் தள்ளிவிடும். ஒளியிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறு ஒரு நானோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஒளியலைக்கு முன்னால் அது கழிகூட இல்லை, துரும்பு. இவ்வளவு சிறிய பொருள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று 1871-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே காட்டினார். 450 நானோமீட்டர் நீலத்தையும் 650 நானோமீட்டர் சிவப்பையும் எடுத்துக் கணக்குப் போட்டால், நீலம் 4 மடங்குக்கும் சற்று மேலாகச் சிதறுகிறது. தலைக்கு மேல் வானம் நீலமாகத் தெரிவது இதனால்.

இப்போது மேகத்துக்கு வருவோம். பலர் மேகத்தை நீராவி என்றே எழுதுகிறார்கள், தவறு. நீராவி கண்ணுக்குத் தெரியாது. கடலூரின் புழுக்கமான பிற்பகலில் நம்மைச் சுற்றி நிறையவே இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. அதே நீர் மேலே போய்க் குளிர்ந்து, சுமார் 20 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள துளிகளாகத் திரளும்போதுதான் மேகம். நீரின் அளவு கூடவில்லை, பிறகு ஏன் திடீரென்று கண்ணில் படுகிறது? தனித்தனியே திரியும் மூலக்கூறுகள் ஆளுக்கொரு பக்கம் ஒளியைச் சிதறடிக்கும். அவை ஒளியலையைவிடச் சிறிய கட்டியாகச் சேர்ந்துவிட்டால் எல்லாம் ஒரே தாளத்தில் அதிரும். ஒவ்வொரு மூலக்கூறின் பங்கும் பல மடங்காகப் பெருகும். துளி இன்னும் வளர்ந்து அலைநீளத்தைத் தாண்டியதும் அந்தத் தாளம் குலைகிறது. துளியின் ஒரு ஓரமும் மறு ஓரமும் ஒத்துப்போகாது. நீலத்துக்கு இருந்த சலுகையும் அங்கேயே போய்விடுகிறது. 20 மைக்ரோமீட்டர் துளி என்பது பச்சை ஒளியின் அலைநீளத்தைப்போல் சுமார் 40 மடங்கு. அதற்கு எல்லா நிறமும் ஒன்றுதான்.

இதுவரை சொன்னது பலரும் சொல்வதுதான். "சின்னத் துகள் என்றால் நீலம், பெரிய துகள் என்றால் வெள்ளை" என்று இதோடு நிறுத்திவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. பால் அந்த விதிக்கு அடங்குவதில்லை.

பாலில் இரண்டு வகைத் துகள்கள் இருக்கின்றன. கறந்த பாலின் கொழுப்புத் திவலைகள் சில மைக்ரோமீட்டர் அளவு, அதாவது பெரியவை. கேசீன் என்ற புரதத் திரள்கள் பெரும்பாலும் 100, 200 நானோமீட்டர்தான், ஒளியலையைவிடச் சிறியவை. கொழுப்பை முழுக்க எடுத்துவிட்டால் மிஞ்சுவது சிறியவை மட்டுமே. விதிப்படி அந்தப் பால் வானம்போல் நீலமாக இருக்க வேண்டும். ஆனால் டம்ளரில் ஊற்றினால் ஓரத்தில் லேசாக நீலம் பாரிக்குமே தவிர, பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும். காரணம், அங்கே ஒளி ஒரு தடவை சிதறி வெளியே வருவதில்லை, நூற்றுக்கணக்கான தடவை சிதறுகிறது. நீலம் சீக்கிரமே திரும்பிவிடும். சிவப்பு இன்னும் ஆழம் போய் அலைந்து திரிந்து, அதுவும் திரும்பிவிடும். பால் எந்த நிறத்தையும் விழுங்குவதில்லை என்பதால் உள்ளே போனதெல்லாம் வெளியே வந்து சேர்கிறது. ஆக வெள்ளைக்கு இரண்டு வழிகள்: துகள் பெரிதாக இருக்கலாம், அல்லது சிதறல் பலமுறை நடக்கலாம். மேகத்திலும் நுரையிலும் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

(பால் நீலம் பாரித்தால் தண்ணீர் கலந்தது என்று பால்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஏடு எடுத்த பாலும் அப்படித்தான் இருக்கும். லாக்டோமீட்டர் அளவு தண்ணீர் சேர்த்தால் இறங்கும், கொழுப்பு எடுத்தால் ஏறும்.)

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க 30 செ.மீ. நீளமுள்ள சிறிய கண்ணாடி மீன்தொட்டி போதும். 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். குழாய்த் தண்ணீரின் குமிழ்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒளியைச் சிதறடிக்கும், அவை போக வேண்டும். கருப்பு அட்டையில் 5 மி.மீ. துளையிட்டு செல்போன் டார்ச்சின் மேல் வைத்து, இருட்டறையில் தொட்டியின் குறுகிய பக்கத்திலிருந்து நீளவாக்கில் ஒளியைப் பாய்ச்சுங்கள். பால் ஊற்றும் முன்பே ஒரு தடவை பாருங்கள். ஒளிக்கற்றை பளிச்சென்று தெரிந்தால் தண்ணீரிலேயே களிமண் கலங்கல் இருக்கிறது, வேறு தண்ணீர் எடுங்கள்.

இனி ஊசியில்லாத சிரிஞ்சால் 2 மி.லி. பால் விட்டுக் கலக்குங்கள். பிறகு ஒவ்வொரு மி.லி.யாகக் கூட்டுங்கள். 5 மி.லி. வாக்கில் பக்கத்திலிருந்து பார்த்தால் கற்றை நீலச் சாயலோடு தெரியும். மறுமுனையில் வந்து டார்ச்சை நேராகப் பார்த்தால் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். பால் வகைக்கேற்ப இந்த அளவு மாறும். எல்.இ.டி. வெளிச்சத்திலேயே நீலம் தூக்கலாக இருப்பதால், நீலத்தை மட்டும் நம்ப வேண்டாம், மறுமுனையின் மஞ்சள்தான் சாட்சி.

பெரும்பாலும் சொதப்புவது இரண்டு இடங்களில். முதலாவது, ஆர்வக் கோளாறில் ஒரு கரண்டிப் பாலை ஊற்றிவிடுவது. 50 மி.லி. போனால் சிதறல் பலமுறையாகி எல்லாம் வெள்ளைதான். இரண்டாவது, நிறைகொழுப்புப் பாலை எடுப்பது. கொழுப்புத் திவலைகள் நீலத்தை அமுக்கிவிடும். கறந்த பாலை ஃபிரிட்ஜில் ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சினால் கொழுப்பு குறைந்த பால் கிடைக்கும். பாக்கெட் பால் பெரும்பாலும் ஒருபடித்தாக்கப்பட்டது, அதில் ஏடு தானாக மேலே வராது. அங்கே இருமுறை சமன்படுத்திய பாலை எடுப்பதே மேல்.

போலராய்டு கருப்புக் கண்ணாடி கையில் இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். கற்றையைச் சரியாகப் பக்கவாட்டில் பார்த்தபடி கண்ணாடியைச் சுழற்றுங்கள். பால் கொஞ்சமாக இருக்கும்போது கற்றை மங்கும், பிறகு மீண்டும் பளிச்சிடும். பாலைக் கூட்டக் கூட்ட அந்த ஏற்ற இறக்கம் குறைந்து மறைந்துவிடும், ஏனென்றால் ஒரே தடவை சிதறிப் பக்கவாட்டில் வரும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும், பலமுறை சிதறிய ஒளிக்கு அந்தத் திசை ஒழுங்கு இருக்காது. அதே கண்ணாடியோடு காலையிலோ மாலையிலோ கடற்கரைக்குப் போய், சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள நீல வானத்தைப் பார்த்துச் சுழற்றினால் வானம் கருத்து வெளுக்கும். நடுவே நிற்கும் மேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

தலைக்கு மேல் நீலமாக இருக்கும் வானம் கடல் விளிம்பை நெருங்க நெருங்க வெளிறிப்போவதும் இதே கதைதான். கிடைமட்டப் பார்வையில் காற்றின் தடிமன் பல மடங்காகிறது, அலை தெறித்து எழுந்த உப்புத் துகள்களும் அதில் சேர்ந்துகொள்கின்றன. சின்ன மூலக்கூறுதான், ஆனாலும் மீன்தொட்டியில் 50 மி.லி. பால் ஊற்றிய நிலைமை அங்கே.